எட்டு மாதக் குழந்தைக்குத் தேன், ஐந்து வயதுப் பையனுக்கு ஆவி: எது சரி, எது ஆபத்து?

கேள்வி: ஒரு வாரமாக எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சளி. மகனுக்கு 5 வயது, ராத்திரி இருமலில் தூங்குவதே இல்லை. மகளுக்கு 8 மாதம், மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்கத் திணறுகிறாள். மாமியாருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு, இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அவர் சொல்வது: பாப்பாவுக்கு நாக்கில் தேன் தடவு, பையனுக்கு ஆவி பிடி, பெரியவர்கள் உப்புத் தண்ணீர் கொப்பளிக்கணும், எல்லாருக்கும் சுக்கு மிளகுக் கஷாயம். இதில் எதற்கு நிஜமாகவே ஆதாரம் இருக்கிறது? எதை யாருக்குக் கொடுக்கலாம்?
— வாசகி, ஈரோடு

பதில்: பாப்பாவுக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை இன்றே நிறுத்திவிடுங்கள். தேனில் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வித்துகளை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து அங்கே முளைத்து நஞ்சைச் சுரக்கிறது, அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் துண்டிக்கிறது. இது அரிதாகத்தான் வரும். ஆனால் வந்துவிட்டால் குழந்தையை வாரக்கணக்கில் செயற்கை சுவாசத்தில் வைக்க நேரலாம். தேனைச் சூடாக்கினாலும் காய்ச்சினாலும் பயனில்லை, வீட்டு அடுப்பின் கொதிநிலையில் அந்த வித்துகள் சாவதில்லை. மலைத்தேன், கொம்புத்தேன், பாட்டில் தேன் என்ற வேறுபாடும் இதில் கிடையாது. உரை மருந்தைக் கல்லில் இழைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஏற்கெனவே தடவியிருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதம் கவனியுங்கள். பெரும்பாலும் முதல் அறிகுறி மலச்சிக்கல். பிறகு அழுகைச் சத்தம் மெலியும், பால் உறிஞ்சும் வேகம் குறையும், இமை தொங்கும், தூக்கினால் கழுத்து நிற்காமல் உடம்பு துவண்டு விழும். இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், தேன் கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவளுடைய இப்போதைய தொல்லை மூக்கடைப்பு. பால் உறிஞ்சும்போது வாயால் மூச்சு விட முடியாது, அதனால்தான் நாலு வாய் குடித்துவிட்டு விட்டுவிட்டு அழுகிறாள். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும். வாங்கும்போது சோடியம் குளோரைடு மட்டும் உள்ளதா என்று பாருங்கள். மூக்கடைப்பைத் திறக்கும் வேறு மருந்து கலந்த சொட்டுகளும் அதே அலமாரியில் இருக்கும், அவை இந்த வயதுக்கு ஆகாது. பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு மூக்கிலும் 2 சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, இளகி வரும் சளியை ரப்பர் உறிஞ்சியால் எடுத்துவிட்டுப் பால் கொடுங்கள். உறிஞ்சியை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகுதான் மூக்குத் துளையில் வைக்க வேண்டும். வைத்த பிறகு அழுத்தினால் சளி இன்னும் உள்ளே போய்விடும். ஒரு நாளில் மூன்று நாலு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைப்பு அதிகமாகும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவுவது, குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகிய இரண்டையும் விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், சிறு குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கும். புகை, ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயை மேலும் எரிச்சலூட்டும்.

இனி மகன். நீங்கள் கேட்ட நான்கில் முறையான சோதனைகளின் துணை அதிகமாக உள்ளது தேனுக்குத்தான். அதுவும் உங்கள் மகனுக்கு இருப்பதைப் போன்ற ராத்திரி இருமலுக்கு. 2007-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 105 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். படுக்கைக்கு அரை மணி நேரத்துக்கு முன் ஒரு பிரிவுக்குத் தேன், இன்னொன்றுக்குத் தேன் வாசனை சேர்த்த டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் இருமல் மருந்து, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் பெற்றோரிடம் கேட்டபோது, ஒன்றும் கொடுக்காத பிரிவைவிடத் தேன் பிரிவில் இருமலும் தூக்கமும் தெளிவாகவே மேம்பட்டிருந்தன. இருமல் மருந்துக்கும் தேனுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒன்றும் கொடுக்காத பெற்றோருக்கு, தாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை என்பது தெரியுமே! அதை அடைத்தது 2012-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு. 1 முதல் 5 வயது வரையுள்ள 300 பிள்ளைகள். சிலருக்கு 10 கிராம் தேன், சிலருக்கு நிறத்திலும் சுவையிலும் அதைப் போலவே இருக்கும் பேரீச்சம்பழப் பாகு. யாருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பாகு குடித்தவர்களுக்கும் இருமல் குறைந்தது, தேன் குடித்தவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. இந்தக் 'கொஞ்சம்' என்பதுதான் தேனின் உண்மையான அளவு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 899 பிள்ளைகள் பங்கேற்ற 6 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முதல் மூன்று நாள் வரை தேன் ஓரளவு உதவக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. தேன் சளியை முறிப்பதில்லை, நோயின் நாள்களைக் குறைப்பதாகவும் காட்டப்படவில்லை. தொண்டையில் கெட்டியாகப் படிந்து, உமிழ்நீரைச் சுரக்கவைத்து, இருமல் தூண்டலை மட்டுப்படுத்துகிறது என்பதே ஏற்கத்தக்க விளக்கம். அதில் இனிப்புச் சுவைக்கே பங்கு இருக்கலாம். அதனால்தான் பேரீச்சம்பழப் பாகும் ஓரளவு வேலையைச் செய்தது போலிருக்கிறது.

மகனுக்குப் படுக்கப்போவதற்கு அரை மணி முன்பு ஒரு டீஸ்பூன் தேனை அப்படியே நக்கிச் சாப்பிடக் கொடுங்கள். ஒரே மிடறில் விழுங்கினால் தொண்டையில் படியாது. ஒரு டம்ளர் பாலில் கரைத்தாலும் அந்தக் கெட்டித்தன்மை போய்விடும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பல் துலக்கவையுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கச் சர்க்கரை பல்லில் இருக்கும். மூன்று ராத்திரி கொடுத்துப் பாருங்கள். வித்தியாசமே தெரியாவிட்டால் அளவைக் கூட்டிப் பயனில்லை. தேன் அசலா என்று தண்ணீரில் விட்டும் தீக்குச்சியில் தோய்த்தும் சோதிப்பதை நம்பாதீர்கள். சர்க்கரைப் பாகு கலந்த தேனும் அந்தச் சோதனைகளில் தேறிவிடும்.

தேன் இருக்கும்போது இருமல் சிரப்பைத் தேடிப் போகாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அதையொட்டி மத்திய சுகாதாரத் துறை, 2 வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்துகள் கூடவே கூடாது என்றும், 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் அறிவுறுத்தியது.

மகனுக்கு ஆவி பிடிக்காதீர்கள். மாமியாரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், தெரியும். நம் வீடுகளில் சளி என்றாலே முதலில் அடுப்பில் ஏறுவது ஆவிச் சட்டிதான். ஆனால் இந்த நான்கில் ஆதாரம் மிகப் பலவீனமாகவும் ஆபத்து மிக வெளிப்படையாகவும் இருப்பது இதற்கே. சூடான ஈரக்காற்று சளித் தொல்லையைக் குறைக்குமா என்று 1980-களிலிருந்தே சோதித்திருக்கிறார்கள். இஸ்ரேலிலும் பிரிட்டனிலும் செய்த ஆரம்ப ஆய்வுகள் பலன் உண்டு என்றன. அமெரிக்காவில் அதே முறையில் திரும்பச் செய்தபோது பலன் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாலும் ஆவி உதவும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தச் சோதனைகளில் பயன்படுத்தியது கருவி. அது 42, 43 டிகிரி அளவில் சீரான காற்றை மூக்குக்குள் அனுப்பியது. போர்வைக்குள் கொதிநீர்ச் சட்டியோடு உட்காருவது அந்தச் சோதனையின் வீட்டு வடிவம்கூட அல்ல.

தைலமோ ஆவி மாத்திரையோ போட்டவுடன் மூக்கு 'பளிச்'சென்று திறந்தது போலத் தோன்றுமே, அது என்ன? மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகள் இருக்கின்றன. தைலத்திலுள்ள மெந்தால் அவற்றைத் தூண்டிவிடுகிறது, உடனே காற்று நிறையப் போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. கருவி வைத்துக் காற்றோட்டத்தை அளந்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். அந்தச் சுகம் பொய் என்று சொல்ல வரவில்லை, பெரியவர் ஒருவருக்குப் பத்து நிமிட நிம்மதி தேவைப்பட்டால் அதில் தவறில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகக் கொதிநீரை ஒரு குழந்தையின் மடிக்கு அருகில் கொண்டுபோவதுதான் கட்டுப்படியாகாத பேரம்.

விபத்து நடக்கும் விதம் எங்கும் ஒன்றுதான். கட்டிலிலோ பாயிலோ குழந்தை, முன்னால் அகலமில்லாத பாத்திரம், மேலே போர்வை. சூடு முகத்தில் அடித்ததும் குழந்தை உதறிக்கொண்டு எழும். போர்வை பாத்திரத்தை இழுத்து, தண்ணீர் வயிற்றிலும் தொடையிலும் பிறப்புறுப்பிலும் கொட்டும், நனைந்த துணி சூட்டைத் தோலோடு ஒட்டிவைக்கும். அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிடமான நீரும் குழந்தையின் தோலைச் சில நொடிகளில் வேகவைக்கும். 2020-இல் கொரோனா பயத்தில் எல்லாரும் ஆவி பிடித்தபோது, பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் இந்த வகைத் தீப்புண்கள் வழக்கத்தைவிட 30 மடங்கு கூடின. தப்பித்தவறி நடந்துவிட்டால் துணியை அகற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்க்க வேண்டாம். ஐஸ், பற்பசை, இட்லி மாவு, பேனா மை எதையும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மாமியாருக்கு ஆவி இல்லாமல் முடியாது என்றால் மேசை மேல் அகலமான அடியுள்ள பாத்திரத்தை வைத்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சாண் தள்ளியே முகத்தைக் காட்டட்டும். போர்வை வேண்டாம், 5 நிமிடம் போதும், பிள்ளைகள் அந்த அறையில் இருக்கக் கூடாது. சர்க்கரையால் அவருடைய கையில், காலில் உணர்ச்சி மந்தமாகியிருந்தால் சூடு தெரியாமலே வெந்துவிடும், அப்போது இதுவும் வேண்டாம். மீதமான யூகலிப்டஸ் தைலத்தைப் பூட்டி வையுங்கள். பிள்ளைகள் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம்.

உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது இந்த நான்கில் சாதுவானது. நீங்களும் மாமியாரும் தாராளமாகச் செய்யலாம். துப்பிவிடுவதால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் பிரச்சினையில்லை. தொண்டை வலிக்கு அந்த நேர ஆறுதல் கிடைக்கும். அதற்கு மேல் சளியின் நாள்களைக் குறைக்குமா என்பதில் கொஞ்சம் நம்பிக்கை தரும் தடயம் எடின்பரோவிலிருந்து வந்தது. 2019-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 66 பெரியவர்களில் ஒரு பிரிவினர் உப்பு நீரால் மூக்கைக் கழுவினார்கள், கொப்பளிக்கவும் செய்தார்கள். அவர்களுக்குச் சளி ஏறத்தாழ 2 நாள் முன்னதாகத் தீர்ந்தது. யார் எந்தப் பிரிவு என்பது எல்லாருக்கும் தெரிந்த ஆய்வு அது. அதோடு, மூக்குக் கழுவலைப் பிரித்துவிட்டுக் கொப்பளிப்பின் பங்கை மட்டும் அதிலிருந்து சொல்ல முடியாது. ஜப்பானில் 2005-இல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியமானது. ஆரோக்கியமான 387 பேரில் தினமும் வெறும் தண்ணீரில் கொப்பளித்தவர்களுக்குச் சளி குறைவாக வந்தது, அயோடின் மருந்து நீரில் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காசு கொடுத்து வாங்கும் கொப்பளிப்பு நீர் தேவையா என்று யோசிக்கவைக்கும் முடிவு.

ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டுக் கரையுங்கள். இது நம் உடல் திரவத்தைவிடச் சற்றே கூடுதல் உப்பு. கை நிறைய அள்ளிப் போட்டால் தொண்டை வறண்டு எரியும், பலரும் 'உப்புத் தண்ணீர் ஒத்துக்கல' என்பது இதனால்தான். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, 'ஆ' என்று சத்தம் வரும்படி 15 நொடி கொப்பளித்துத் துப்புங்கள். டம்ளர் தீரும்வரை செய்து, நாளைக்கு மூன்று நாலு தடவை. மகனுக்கு இது வருமா என்று முதலில் வெறும் தண்ணீரில் பாருங்கள். இந்த வயதில் பலரும் விழுங்கிவிடுவார்கள், அப்படியானால் விட்டுவிடலாம். மூக்கைக் கழுவும் ஆசை வந்தால் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ நேரடியாகக் கூடாது, கொதிக்கவைத்து ஆறவைத்ததே வேண்டும். கேரளத்தில் சமீப ஆண்டுகளில் மூளையைத் தாக்கிய அமீபா, நீரிலிருந்து மூக்கு வழியாகவே ஏறுகிறது.

கஷாயத்துக்கு வருவோம். இஞ்சியோ மிளகோ சளியைக் குணப்படுத்தும் என்று மனிதர்களில் செய்த, நம்பத்தக்க சோதனை எதையும் என்னால் உங்களுக்குக் காட்ட முடியாது. பசும் இஞ்சிச் சாறு ஒரு சுவாச வைரஸைத் தடுத்ததாகச் சொல்வது ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களில் கண்டது. அதே ஆய்வில் காய்ந்த இஞ்சி, அதாவது நம் சுக்கு, வேலை செய்யவில்லை. ஆனாலும் சுக்குமல்லிக் காபி குடித்ததும் இதமாக இருக்கிறதே என்றால், அந்த இதம் கற்பனையல்ல. 2008-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழ பானத்தைச் சூடாகவும் அறை வெப்பத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். சூடாகக் குடித்தபோது மூக்கொழுகல், இருமல், தும்மலோடு தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவையும் உடனே தணிந்ததாகச் சொன்னார்கள். மூக்கின் காற்றோட்டம் மட்டும் மாறவில்லை. ஆக, வேலை செய்வதில் பெரும்பங்கு சூட்டுக்கும் சுவைக்கும். மிளகின் காரம் மூக்கில் நீர் வரவைப்பதால் அடைப்பு இளகியது போலவும் இருக்கும்.

அப்படியிருக்க, கஷாயத்தை 'வீரியமாக' நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுவதில் அர்த்தமில்லை. ஒருவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சுக்குப் பொடி, தட்டிய மிளகு 4 அல்லது 5, மல்லி விதை அரை டீஸ்பூன் போட்டு 5 நிமிடம் கொதித்ததும் இறக்கி வடிகட்டுங்கள். ஆற்றி, வாய் பொறுக்கும் சூட்டில் குடியுங்கள். நாளைக்கு இரண்டு தடவை போதும். படுக்கும் நேரத்தில் காரமாகக் குடித்தால் சிலருக்கு வயிற்று அமிலம் மேலேறி, அதுவே ராத்திரி இருமலைக் கிளப்பும். 'கஷாயம் குடிச்சும் இருமல் நிக்கல, அதனால இன்னொரு டம்ளர்' என்று போனால் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்பீர்கள். மகனுக்குத் தனிக் கஷாயம் வேண்டாம், இளம் மிளகு ரசம் விட்ட சோறு போதும். பாப்பாவுக்கு ஒன்றும் வேண்டாம்.

மாமியாருக்குத்தான் இதில் கவனம் அதிகம் தேவை. வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகளின் அளவு மிக நுணுக்கமானது. கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி. இஞ்சியை மருந்தளவில் எடுத்த சிலருக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. மிளகிலுள்ள பைப்பரின் சில மருந்துகள் உடைபடும் வேகத்தைக் குறைத்து, ரத்தத்தில் அவற்றின் அளவைக் கூட்டும். சமையலில் போடும் இஞ்சியும் மிளகும் தொந்தரவில்லை, ரசம் குடிக்கட்டும். கெட்டியான கஷாயமும் திரிகடுகச் சூரணமும் அவருக்கு வேண்டாம். சளி நாள்களில் சாப்பாடு குறைவதாலும், ஆன்டிபயாடிக் எடுத்தாலும், பாராசிட்டமாலைத் தினமும் சில நாள் தொடர்ந்தாலும் ஐ.என்.ஆர். நகரும். ஒரு வாரமாக உடம்பு சரியில்லை என்பதால் இந்த வாரமே அதைப் பார்த்துவிடுங்கள். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கன்றிய நீலக் கறை, கறுப்பாக மலம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரைக்குக் கருப்பட்டி நல்லது என்ற எண்ணம் இருந்தால், கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

பிள்ளைகளின் சளியிருமலில் பாதிப் பேருக்கு 10 நாளில் சரியாகிவிடும். சிலருக்கு மூன்று வாரத்தையும் தாண்டும். அதனால் ஒரு வாரத்துக்குப் பிறகும் மகன் இருமுவது மட்டும் கவலைப்படத் தேவையில்லை. மூச்சைத்தான் பார்க்க வேண்டும். தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பாப்பாவுக்கு நிமிடத்துக்கு 50-ஐயும் மகனுக்கு 40-ஐயும் எட்டினால், மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், அல்லது பாப்பா வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காமல் 6 மணி நேரமாகியும் டயபர் நனையாமல் இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.